தோளில் ஒரு கை

சமாதான காலத்தில் ஊர்காவற்றுறையில் நான் ஒரு படக்கடை வைத்திருந்தேன். கலியாணப் படத்திலிருந்து ஒருவரைத் தனியே பிரித்துக் கேட்டு வருபவர்கள்தான் அதிகம். அநேகமாக அவை செத்தவீட்டுக்கு.

ஒரு அக்கா தன் கலியாணப் படத்தோடு வந்தார். கடலுக்குப் போன புருசன் திரும்பவில்லை.

“கரியாலை கீறின சித்திரம் மாதிரி அவரைச் செய்து தாரும், தம்பி.”

கணினியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அதன் பிரதி ஒன்றை மேலே வைத்து வேலை செய்தேன். பின்னணியையும் தாடை நிழலையும் நன்றாக இருட்டினேன். நெற்றியிலும் மூக்கிலும் வெளிச்சத்தை ஏற்றினேன். முடியோரத்தை இருட்டோடு மெல்லக் கரைத்தேன். உயிரோடு பார்ப்பது போலவே வந்தது.

அக்கா திரையை உற்றுப் பார்த்தார்.

“தோளிலை கிடந்த கை எங்கை?”

“பின்னாலை இருட்டோடை போயிட்டுது அக்கா. எல்லாருக்கும் அப்பிடித்தான் எடுத்து விடுறனான்.”

“அது என்ரை கையடா! அவரைத் தனிய விட்டால் செத்தவீட்டுப் படமெல்லோ? ஆர் சொன்னது அவர் செத்தவரெண்டு?”

மேல் பிரதியின் கறுப்பை மென்மையான அழிப்பானால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். கீழிருந்து விரல்கள் வந்தன. பிறகு மோதிரம். அதில் ஒரு பொட்டு வெளிச்சம் வைத்தேன். மணிக்கட்டுக்கு மேலே ஓரத்தைக் கரைய விட்டேன்.

“ஓம், இப்ப சரி,” என்றார் அக்கா.

பக்கத்தில் நின்ற அக்காவின் கைதான். ஆனாலும் இருட்டிலிருந்து நீண்டு புருசனின் தோளைப் பிடித்திருந்த அந்தக் கையை என்னால் அதிக நேரம் பார்க்க ஏலவில்லை.