கடைசி வரிசைக்குப் போன குரல்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எதிரொலியே இல்லாத ஓர் அறை உண்டு. சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் ஆப்பு ஆப்பாகப் பஞ்சு. உள்ளே பேசினால் எதுவும் திரும்பி வராது. எனக்கு அது பிடித்த அறை, மற்றவர்கள் சீக்கிரமே வெளியே வந்துவிடுவார்கள்.

மைக் இல்லாத காலத்தில் கிரேக்கத்து மலைச்சரிவில் கட்டிய கல் அரங்கம் ஒன்றைக் கணினியில் எழுப்பிக்கொண்டிருந்தேன். அதில் ஒலிக்க ஒரு நடிகையின் குரல் வேண்டும். ஆக்லாந்துத் தமிழ் நாடகங்களில் நடிக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வந்தார். கடைசி வரிசைக்குப் பேசுங்கள் என்றேன். ஒரு ராணியின் வசனத்தைத் தொண்டை நோகப் பேசிவிட்டு, "இந்த அறை ஒண்டையும் திருப்பித் தரேல்லையே, கஞ்சன்" என்று சிரித்தார்.

அடுத்த வருஷம் அவர் இறந்துபோனார். தொண்டையில் புற்றுநோய்.

அவருடைய கணவர் ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். "தங்கச்சி, கடைசி மாதங்கள்ல அவவுக்குக் குரலே இல்லை. வெறும் காத்துத்தான். இப்ப அந்தக் காத்து மட்டும்தான் எனக்கு நினைவிலை நிக்குது. பழைய குரல் வருகுதே இல்லை. உங்களிட்டை இருக்கெண்டு கேள்விப்பட்டன்."

என் தொழில் புத்தி வேலை செய்தது. எந்த அறையின் கலப்பும் இல்லாத சுத்தமான பதிவு இருக்கும்போது வேறெதைக் கொடுப்பது? ஹெட்ஃபோனை மாட்டி அதையே போட்டேன். முதல் சொல்லிலேயே கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

"இது அவ இல்லை. மண்டைக்குள்ளை இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு."

என்னை நானே திட்டிக்கொண்டேன். சுவரும் தரையும் தொடாத குரலுக்கு இடமே கிடையாது. உயிரோடு இருந்த யாரும் அப்படிப் பேசி எவரும் கேட்டதில்லை.

அந்தக் குரலைக் கணினி அரங்கத்தின் நடுவில் வைத்து, அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பதுபோல மறுபடி ஹெட்ஃபோனில் போட்டேன். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"ஓம். இது அவதான்."

பிறகு மெதுவாக, "இவ்வளவு தூரத்திலை எப்பிடி?" என்றார்.

அந்தக் கல் அரங்கத்தின் நடுவில் காசு விழுந்தால்கூடக் கடைசிப் படியில் கேட்கும் என்று சுற்றுலா வழிகாட்டிகள் விடும் கதை எனக்கு எரிச்சல். சொன்னேன்: "முணுமுணுத்தா கேக்காதுண்ணா. அக்கா மாதிரி குரலை வீசணும். படிக்கட்டு செங்குத்தா ஏறுறதால முன்னால இருக்கற தலைங்க மறைக்காது. பேசறவங்களுக்கு முன்னாடி கெட்டியான தரை இருக்கு, பின்னாடி சுவர் இருக்கு. அதுல பட்ட குரல், நேரா வர்ற குரலோட கண் இமைக்கறதுக்குள்ள வந்து சேர்ந்துக்கும். காது ரெண்டையும் ஒண்ணாத்தான் எடுத்துக்கும். மேல கூரை இல்லாததால எதுவும் தங்கிக் குழப்பாது. சத்தமா இருக்காது, ஆனா தெளிவா இருக்கும்."

"ஆக்கள் இருக்கினமோ அங்கை?"

"இல்லண்ணா. எல்லாப் படியும் காலி. காத்துகூட இல்ல."

ஆளில்லாத அரங்கில், நடுவில் இல்லாதவர் ஒருவர் பேச, உச்சியில் இவர் ஒருவர் மட்டும்.

அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னிடம்: "நான் இங்கையிருந்து கதைச்சா, கீழை அவவுக்குக் கேக்குமோ?"

யோசிக்காமல் பொறியாளராகவே பதில் சொன்னேன். "கேக்கும்ணா. ஒலி போற வழியும் வர்ற வழியும் ஒண்ணுதான். இடம் மாத்தினாலும் அதே கணக்கு. நீங்களும் குரலை வீசணும், அவ்வளவுதான்."

"அப்ப மாத்துங்கோ."

அவரைப் பஞ்சு அறைக்குள் மைக்கின் முன் நிறுத்திக் கதவைச் சாத்தினேன். கணினியில் பேசும் இடத்தைக் கடைசி வரிசைக்கு ஏற்றினேன். கேட்கும் காதை நடுவில், அக்கா நின்ற இடத்தில் வைத்தேன். ஒலி அளவு சரியா என்று பார்க்க ஹெட்ஃபோனை நான் மாட்டிக்கொண்டேன். அக்காவின் இடத்தில் நான் நிற்கப்போகிறேன் என்பது அப்போதுகூட உறைக்கவில்லை. பயந்தது அவர் வாய் திறந்த பிறகுதான்.

வெகு உயரத்திலிருந்து, சின்னதாக, ஓர் ஆண் குரல் இறங்கி வந்தது.

"இஞ்சேருமப்பா. அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை நீர் என்னவோ சொன்னீர். எனக்குக் கேக்கேல்லை. கேட்ட மாதிரி ஓம் எண்டு தலையாட்டிப்போட்டன். என்ன சொன்னீர்? திரும்ப ஒருக்காச் சொல்லும்."

பிறகு பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து சேர்ந்திருந்தது, என்னிடம்.