அறுபத்தைந்து வாட் சார்ஜர்

என் மகள் என் அறைக்கு வர ஒரு காரணம் தேவைப்பட்டது. பெத்த அப்பன் அங்கே இருக்கிறான் என்பது காரணமாகப் போதவில்லை.

அவளும் அவள் அம்மாவும் செங்கல்பட்டில் அவளுடைய மாமன் வீட்டில் இருக்கிறார்கள். நான் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் மீட்டிங் ஹாலின் மைக், புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்கிறவன். வாடகைக்கு ஒற்றை அறை. டிவி கிடையாது. அவளுக்குப் பதினான்கு வயது. மாமன் மகன் வெளிநாடு போகும்போது தன் கேம் கன்சோலை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஆனால் அந்த வீட்டு டிவி மாமனுக்கு எழுதிவைத்த சொத்து. காலையில் செய்தி, மாலையில் செய்தி, நடுவில் அதே செய்தி.

"உன் ரூம்ல ஒரு ஸ்கிரீன் இருந்தா சனிக்கிழமை சனிக்கிழமை வந்துடுவேம்பா" என்றாள்.

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. டிவி மாட்ட அந்த அறையில் இடம் ஏது? மடித்து வைக்கிற போர்ட்டபிள் மானிட்டர் ஒன்றை வாங்கினேன். ஆபீஸ் லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன். ஒரே டைப்-சி கேபிளில் மானிட்டருக்குப் படமும் வந்தது, கரண்ட்டும் வந்தது. பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாக அவளை பைக்கில் கூட்டிவந்தேன். கன்சோலைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அதன் முன்பக்கத்து டைப்-சியில் கேபிளைச் செருகினேன். மானிட்டர் எரிந்தது. 'சிக்னல் இல்லை' என்றது. கேபிளைத் திருப்பிச் செருகினேன், கடைக்காரனைத் திட்டினேன், கடைத்தெருவுக்கு ஓடி விலை கூடுதலான இன்னொரு கேபிளும் வாங்கிவந்தேன். அதற்கும் அதே பதில்.

"இன்னாப்பா நீ, டென்ஷன் ஆயிகினு!" என்று மகள் போனை நீட்டினாள். "இந்த டைப்-சில கரண்ட்டும் டேட்டாவும்தான் வரும், படம் வராதாம். படம் பின்னாடி எச்டிஎம்ஐல மட்டுந்தான்."

லேப்டாப்பில் வந்ததே என்றால், லேப்டாப்பின் டைப்-சி படத்தையும் அனுப்பும், கன்சோலின் டைப்-சி அனுப்பாது. வெளியே பார்த்தால் ரெண்டும் ஒரே ஓட்டை. நாள் முழுக்க கேபிளோடு குடும்பம் நடத்துகிறவன் நான், எனக்கு இது தெரியவில்லை.

கன்சோலின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் மினி எச்டிஎம்ஐக்கு ஒரு கேபிள் போட்டதும் படம் வந்தது. கரண்ட்டைக் கன்சோலின் முன்பக்கத்திலிருந்தே எடுத்தோம். மங்கலாகத்தான் எரிந்தது. வெளிச்சத்தை ஏற்றினால் பொசுக்கென்று அணைந்தது. அந்த ஓட்டை கொடுக்கிற கரண்ட் முழு வெளிச்சத்துக்குப் போதவில்லை. என் லேப்டாப்பின் அறுபத்தைந்து வாட் சார்ஜரை மானிட்டரின் டைப்-சியில் செருகினேன். பளிச்சென்று நின்றது.

அடுத்தடுத்த சனிக்கிழமைகள் என் வாழ்க்கையில் உருப்படியான நாட்கள். அவள் கேமில் கார் ஓட்டுவாள், நான் பரோட்டா பிய்த்துப்போட்டு ஊட்டுவேன். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே ஸ்கூல் கதை, டீச்சர் கதை எல்லாம் சொல்வாள். எனக்கு அது போதும்.

பிறகு ஒருநாள், "பரீட்சை வருதுப்பா, அலைய முடியல. இத வூட்டுக்கு எடுத்துகினு போறேன்" என்றாள். மானிட்டரையும் எச்டிஎம்ஐ கேபிளையும் கொடுத்தனுப்பினேன். சார்ஜர் என் லேப்டாப்புடையது, அவள் கேட்கவில்லை.

மறுநாளே போன் வந்தது.

"அப்பா, போன் சார்ஜர் போட்டேன். லோகோ வருது, ஆஃப் ஆவுது, திரும்ப லோகோ வருது. மானிட்டர் பூட்ச்சா?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும்? 'போய்டுச்சு கண்ணு, இங்கே கொண்டுவா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சனிக்கிழமை வந்திருப்பாள். ஆனால் அவள் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

"மானிட்டர் நல்லாத்தான் கீது. அந்தச் சின்ன சார்ஜர் பத்தாது. என்னோட பெருசு வேணும்."

"அறுபத்தஞ்சு வாட்டு போட்டா எரிஞ்சிடாதா?"

"எரியாது. மானிட்டர் கேக்குறத மட்டுந்தான் அது குடுக்கும்."

சாயங்காலமே சார்ஜரைக் கழற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் அதை பெட்ரோல் போட்டுக்கொண்டு போய் வைத்தேன். கேட்டுக்கு வெளியேதான் நின்றேன். அவள் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸ்பா, கேம் போயிகினு கீது" என்று உள்ளே ஓடினாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

பரீட்சை முடிந்த சனிக்கிழமை காலையில் நானே போன் செய்தேன். "கெளம்பி இரு கண்ணு, வண்டி எடுத்துகினு வர்றேன்."

"இன்னாத்துக்குப்பா?" என்றாள். "இங்கியே நல்லா வருதே."