இரண்டாவது தட்டு

“சிரிச்சிட்டிருக்கிற மனுஷங்ககிட்ட ஒரு சாவை எப்படிம்மா சொல்றது?”

அத்தா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த மாதிரி ஒன்றைச் சொன்னேன். அது தப்பாகப் போனது.

என் அத்தா, அதாவது அப்பா, நசுருல்லா சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் அயோத்தியாப்பட்டணத்துக்கும் இடையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் வண்டியில் ஒரு சட்டம் உண்டு. கடைசியாக ஏறுகிறவர் மேல்கம்பியில் இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டாவிட்டால் வண்டி நகராது. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துத் திட்டினாலும் நகராது. புதிதாக ஏறியவர் முழித்தால், “தட்டுங்கண்ணே, இல்லேன்னா இன்னைக்கு இங்கயேதான்” என்று மற்றவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள்.

இந்தச் சட்டத்துக்குக் காரணம் கந்தன் மாமா. பதின்மூன்று வருடத்துக்கு முன்பு இறந்துவிட்டார். அதற்கு முன் அத்தா நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டினார், கந்தன் மாமா கிளீனர். இருவரும் செய்த கூத்துகளை வண்டியில் ஏறுகிற எல்லோருக்கும் அத்தா சொல்லுவார். ஆனால் ஒவ்வொரு முறையும் சிரிப்போடு நிறுத்திவிடுவார். அயோத்தியாப்பட்டணம் வந்துவிடும், ஆட்கள் இறங்கிவிடுவார்கள், அவருக்கும் அது வசதி.

போன மாசி மாதம் கந்தன் மாமாவின் மகள் கனிஷ்கா திருச்செங்கோட்டிலிருந்து போன் செய்தாள். அவளுக்கு நிச்சயம். “மாமா, அப்பா போட்டோவுக்கு மாலை போட்டா மட்டும் பத்தாதுங்க. அவுரு எப்படி இருந்தாருன்னு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்கு நீங்கதான் சொல்லோணும். எப்படிப் போனாருங்கறதையும் சொல்லோணும். எனக்கே யாரும் சொன்னதில்ல.”

அத்தா சரி என்று சொல்லிவிட்டு, அன்று சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நல்ல நாளில் போய்ப் பெண்ணை அழவிட்டு வந்தோம் என்றாகிவிடக் கூடாது. வெறும் வேடிக்கையாகச் சொல்லிவிட்டு வந்தால் கேட்டவளை ஏமாற்றியதாகிவிடும். அப்போதுதான் என்னிடம் அந்தக் கேள்வி. நான் பன்னிரண்டாவது முடித்து வீட்டில் இருக்கிறேன், கதைகள் படிக்கிறேன் என்பதால் எனக்குத் தெரியும் என்று நினைத்தார்.

“செத்துட்டாருன்னு கடைசி வரைக்கும் சொல்லாதீங்க அத்தா. நல்லா சிரிக்க வெச்சிட்டு, திடீர்னு சொல்லுங்க. அப்பதான் மனசுல நிக்கும்” என்றேன்.

மறுநாள் காலை வண்டியில் ஒத்திகை. நானும் கூடவே போனேன். பூ வியாபாரம் செய்யும் மஞ்சுளா அக்கா கூடையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அத்தா தொடங்கினார். பாலக்காட்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தியிருக்கிறார். கந்தன் சீட்டுக்குப் பின்னால் படுத்திருக்கிறான் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டார். “பதினெட்டு கிலோமீட்டர் அவன்கூடச் சண்டை போட்டுட்டே போறேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. அட, பய திருந்திட்டான்னு சந்தோஷமா இருந்துச்சு.” கடைசியில், பலாப்பழம் ஏற்றிய ஆட்டோ ஒன்று லாரியை மறித்தது. பழங்களுக்கு நடுவில் கந்தன். “நீ ஓட்டற வண்டிக்குப் பலாப்பழமே தேவலைடா. முள்ளு குத்துனாலும் ஆளை உட்டுட்டுப் போவல” என்றாராம். அன்றிலிருந்துதான் சட்டம்: கந்தன் லாரியின் பின்பக்கம் இரண்டு தட்டு தட்டினால்தான் வண்டி எடுக்க வேண்டும்.

சிரிப்பில் வண்டியே குலுங்கியது. மஞ்சுளா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னொரு நாள், அதே டீக்கடை. தட்டு வரல. ஹாரன் அடிக்கிறேன். பதில் இல்ல. பலாப்பழத்துக்குப் பழி வாங்குறான்னு நினைச்சு நானும் இறங்கல. பாட்டுப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன்.” அத்தா கந்தன் மாமா மாதிரியே குரல் மாற்றி, டயருக்குப் பின்னால் ஒளிந்திருப்பதுபோல் நடித்துக் காட்டினார். மறுபடி சிரிப்பு. “இறங்கிப் போய்ப் பார்த்தா, நெஞ்சைப் பிடிச்சிட்டுக் கிடந்தான். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டான்.”

மஞ்சுளா அக்கா, “நிறுத்துங்க பாய்” என்று தன் இடத்துக்கு முன்பே இறங்கிக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் அவரே சொன்னார். “செத்ததைச் சொன்னதுக்குக் கோவம் இல்ல பாய். அந்த மனுஷன் உசுருக்குத் தவிக்கிற நேரத்துல என்னையச் சிரிக்க வெச்சிட்டீங்களே. எனக்கு முன்னமே தெரிஞ்சிருந்தா சிரிச்சிருப்பனா?”

என் யோசனையின் குற்றம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தா மறைத்துவைத்தது சாவை மட்டும் இல்லை. ஒரு சாவைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரியாமலேயே அவர்களைச் சிரிக்கவிட்டார். இனி அவர் எதைச் சொன்னாலும், உள்ளே என்ன ஒளித்திருக்கிறாரோ என்றுதான் கேட்பார்கள்.

“அத்தா, அன்னைக்கு நிஜமாவே சிரிச்சது யாரு?” என்று கேட்டேன்.

“நான்தான்” என்றார். பிறகு யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

திருச்செங்கோட்டில் நிச்சயம் முடிந்து பந்தியும் முடிந்த பிறகு, கனிஷ்கா அத்தாவுக்கு நாற்காலி போட்டாள். அவள் அம்மா ராமாயி அத்தை வெற்றிலைத் தட்டோடு தூணோரம் நின்றார்.

“கந்தன் இப்ப இல்ல. அது எல்லாருக்கும் தெரியும். அவன் இருந்தப்ப எப்படி இருந்தான், எப்படிப் போனான், ரெண்டையும் சொல்றேன்” என்றுதான் அத்தா ஆரம்பித்தார். எடுத்த எடுப்பிலேயே சாவைச் சொல்லிவிட்டாரே, இனி யார் சிரிப்பார்கள் என்று எனக்குப் பயம். ஆனால் பலாப்பழ ஆட்டோ வந்ததும் மாப்பிள்ளையின் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். இல்லாத ஆள் என்று தெரிந்தே சிரித்ததால், அந்தச் சிரிப்பில் கந்தன் மாமாமேல் ஒரு பிரியமும் இருந்தது. இரண்டு தட்டுச் சட்டத்தைச் சொல்லும்போது அத்தா நாற்காலிக் கையில் தட்டியும் காட்டினார்.

பிறகு அந்த நாள். அத்தா குரலைத் தாழ்த்தவில்லை, நடுங்கவும் விடவில்லை. கந்தன் மாமாவின் குரலை மட்டும் விட்டுவிட்டார், தன் குரலிலேயே சொன்னார். வாக்கியங்கள் சின்னதாகின.

“அன்னைக்கு அவன் விளையாடலைங்க. எனக்குத் தெரியல. ஒரு தட்டு கேட்டுச்சு.” நாற்காலியில் ஒருமுறை தட்டினார். “ரெண்டாவது வரல. விளையாடுறான்னு நினைச்சுச் சிரிச்சேன். சட்டம் போட்டவனே மறந்துட்டானான்னு ஹாரன் அடிச்சேன். அஞ்சு நிமிஷம் இருந்தேன். போய்ப் பார்த்தப்ப டயர்ல சாஞ்சு உட்கார்ந்திருந்தான். கை வண்டிமேலயே இருந்துச்சு. முட்டை லாரிலயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். பிழைக்கல. ஒரு தட்டுலயே இறங்கியிருக்கணும் நான்.”

கனிஷ்கா அழுதாள். பலரும் கண்ணைத் துடைத்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை.

ராமாயி அத்தை வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தார். “ஒண்ணுதான் கேட்டுதுங்களா?”

“ஒண்ணுதான் தங்கச்சி.”

“ஊட்லயும் அப்படித்தானுங்கண்ணா. ரெண்டு வேலை சொன்னா ஒண்ணுதான் செய்வாரு. மீதியை நாந்தான் செய்யோணும்.” சொல்லிவிட்டு, கண்ணில் நீரோடு முதலில் அவரே சிரித்தார். அப்புறம் கனிஷ்கா. அப்புறம் பந்தலே சிரித்தது. அத்தாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுக்கிற உரிமை ராமாயி அத்தைக்குத்தான் இருந்தது. நாங்கள் எவ்வளவு ஒத்திகை பார்த்தும் அது எங்களுக்குத் தோன்றியிருக்காது.

கிளம்பும்போது அத்தா ஆட்டோவில் உட்கார்ந்தார், நானும் ஏறினேன். வழியனுப்ப வந்த ராமாயி அத்தை வண்டியைச் சுற்றிப் பின்னால் போனார். ஒன்று. கொஞ்சம் நிறுத்தி, இரண்டு. அத்தா வண்டியை எடுத்தார்.

இந்தக் கதையை நீங்களும் யாருக்காவது சொல்லுங்கள். பலாப்பழத்தை விட்டுவிடாதீர்கள், நன்றாகவே சிரிக்க வையுங்கள். ஆனால் கந்தன் மாமா இப்போது இல்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.