கடைசி கோரஸுக்கு முன் ஒரு கட்டை கீழே

எங்கள் ஸ்டுடியோவில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஒரு கட்டை' என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். பாட்டுக்கு வாத்தியம் அமைப்பது அவன் வேலை. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் கடைசி கோரஸின் ஸ்ருதியை ஒரு கட்டை ஏற்றாமல் விடமாட்டான். ஒலிப்பதிவு செய்கிற நான் பத்து வருஷமாக அவனைக் கிண்டல் பண்ணியும் திருந்தவில்லை.

அவன் செய்கிற விதம் மட்டும் அழகு. பாட்டு சி ஸ்ருதியில் போய்க்கொண்டிருக்கும். நடுவே ஏ செவன் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஒரு சுரக்கூட்டை, வைப்பான். செகண்டரி டாமினன்ட் என்பார்கள். அடுத்து வருகிற கார்டுக்கு முன்னால், அதற்குரிய ஐந்தாம் கார்டை வைத்து அதை நோக்கித் தள்ளுவது. ஏ செவன் வந்தால் காது டி மைனருக்குத் தயாராகிவிடும். இவன் அதைவிடப் பிரகாசமான டி மேஜரில் கொண்டுபோய் விடுவான். அதுதான் புது ஸ்ருதி, சி-க்கு ஒரு கட்டை மேலே. கேட்பவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும்.

அவனுடைய அக்கா பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். மாலையில் வந்து அடுத்தவர் பாட்டுக்குப் பின்குரல் பாடுவாள். நாற்பத்தாறு வயதில்தான் முதல்முறையாக ஒரு முழுப்பாட்டு கிடைத்தது. அன்று பார்த்து அவளுக்குச் சளி. சி-யில் எல்லாம் முத்து முத்தாக வந்தது. கடைசி கோரஸுக்கு வரிகள் வேறு, ஸ்ருதி டி. உச்சியில் குரல் மூன்று தடவை உடைந்தது.

"டேய், நான் மேல ஏறித்தான் ஆகணுமா? அதுக்கு முன்னாடி பாட்டை நீ கொஞ்சம் எறக்கேன்" என்றாள்.

"பாட்டை எறக்கறதா? சும்மா இரு அக்கா, நீ வேற."

அவள் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டி, "சி-யிலயே போடுங்க தம்பி" என்றாள். இரண்டாம் கோரஸின் வாத்தியத்தை ஓடவிட்டேன். கடைசி வரிகளை அதன்மேல் பாடினாள். முடித்துவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்டாள்: "இது போதுமாடா?"

பாடுகிற அறைக்குள் தன் குரல் கேட்பதற்கான டாக்பேக் பட்டனை அவன் அழுத்தி, "போதாதுக்கா. தொண்டை சரியானதும் வா" என்றான். நான் அந்தப் பதிவுக்கு 'வேண்டாம்' என்று பேர் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பியவள் வாசலிலேயே சரிந்தாள். மாரடைப்பில் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து தயாரிப்பாளர் வந்தார். நல்ல மனுஷன்தான். "கடைசி கோரஸை மட்டும் வேற பொண்ணை வெச்சுப் பாட வைக்கலாம். வெள்ளிக்கிழமை பாட்டை அனுப்பணும்" என்றார். அக்காவின் ஒரே பாட்டு, அது இன்னொருத்தி குரலில் முடியப்போகிறது. அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

'வேண்டாம்' பதிவை எடுத்து கம்ப்யூட்டரில் டி-க்கு ஏற்றிப் பார்த்தோம். குரல் இறுகி, சின்னப் பிள்ளை பேசுவதுபோல் இருந்தது. "இது எங்கக்கா இல்ல, நிறுத்து" என்றான். சி-யிலேயே விட்டுப் பார்த்தோம். முந்தைய கோரஸ் மாதிரியே வந்து பாட்டு படுத்துவிட்டது.

கீபோர்டில் ஒரு கார்டை வைத்தான், அதற்குக் கீழே இன்னொன்றை வைத்தான். பிறகு, "எறக்கச் சொன்னா இல்ல?" என்றான்.

இரண்டாம் கோரஸுக்கும் கடைசி கோரஸுக்கும் நடுவில் வெறும் வயலின் இசை. யார் குரலும் இல்லை. அதைத் தூக்கிவிட்டு மறுபடி அமைத்தான். கோரஸ் முடிகிற சி-யை சி செவன் ஆக்கினான். அது எஃப்பைத் தேடும். அங்கே எஃப் செவன் வைத்தான். அது பி ஃபிளாட்டில் போய் உட்கார்ந்தது. ஒரு கட்டை கீழே. வயலின் முழுக்க அந்த ஸ்ருதியில் போனது. காது பழகியதும் ஜி செவன். இப்போது காது சி மைனருக்குக் காத்திருக்கும். வந்தது சி மேஜர், அதோடு அக்கா.

பாட்டு எழும்பியது. அவள் ஒரு இம்மிகூட ஏறவில்லை. கீழே போய்விட்டு வந்தது நாங்கள்தான். தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுவே இருக்கட்டும்" என்று எழுந்து போனார்.

அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. "அஞ்சு நிமிஷ வேலைடா. அன்னிக்கே செஞ்சிருந்தா, அவ பாட்டை முழுசாக் கேட்டுட்டுப் போயிருப்பா" என்றான். உண்மை அதுதான்.

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியம் அடங்கியதும் ஸ்பீக்கரில் அவள் கேட்டாள்: "இது போதுமாடா?"

அவன் டாக்பேக் பட்டனை அழுத்தினான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மைக்கும் ஒரு ஸ்டூலும் மட்டும் இருந்தன.

"போதும்க்கா" என்றான்.

பட்டனிலிருந்து அவன் விரலை நான்தான் எடுத்துவிட்டேன்.