தம்பி பெயர் இல்லாத கேவியட்

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. வழக்கில் ஜெயிக்க வருகிறவர்கள் ஒரு வகை, எதிராளியை அழவைக்க வருகிறவர்கள் இன்னொரு வகை. இருளம்மாள் இந்த இரண்டிலும் சேராதவள். அவளுக்கு வீடும் வேண்டும், யார் மனசும் நோகவும் கூடாது. கோர்ட்டுப் படி ஏறிய பிறகு இப்படி ஆசைப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வக்கீல் ஞானசிகாமணியிடம் குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய எனக்கு, அந்த அம்மாள் மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

பண்ணைப்புரத்தில் அவள் இருந்தது மண்சுவர் வைத்த ஓட்டு வீடு. சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் அவள் அப்பன் ஒச்சாண்டி கட்டியது. சுவருக்கு மண் மிதித்ததில் சிறுமியாக இருந்த இருளம்மாளின் காலும் உண்டு. அந்த வீட்டில் அடுப்பு மூட்டிய சில மாதத்தில் தம்பி அம்மாவாசி பிறந்தான். பிரசவத்தோடு ஆத்தாள் போய்விட்டாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிச் சுமந்து, கஞ்சி ஊட்டி, ஆளாக்கியது இவள்தான்.

கல்யாணம் ஆகிப் போனவள், ஒரு மகளோடு தாலி இழந்து திரும்பி வந்தாள். பிறகு விடியுமுன் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலை ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்து, பொழுது சாய இறங்குவதுதான் அவள் பிழைப்பு. அதைப் பார்த்துத்தான் ஒச்சாண்டி, நிலத்தை மகனுக்கு விட்டுவிட்டு வீட்டை மகள் பேருக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிப் பதிவு செய்தார். அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது அம்மாவாசியே. மகளையும் அந்த வீட்டிலிருந்துதான் வடுகபட்டிக்குக் கட்டிக்கொடுத்தாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் பங்குனியில் அவள் எங்கள் ஆபீசுக்கு வந்தாள். செத்துப்போன புருஷனின் தம்பி மொக்கைச்சாமி, "பின்கட்டு என் அண்ணன் உழைப்புல கட்டுனது, தடை வாங்கி உன்னைய வெளிய நிறுத்துறேன் பாரு" என்று தெருவில் நின்று கத்தியிருக்கிறான். இவளுக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது.

அப்போது கேவியட் என்பது சட்டத்தில் சேர்ந்து ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. வக்கீல் அவளுக்குப் புரியும்படி சொன்னார். "வழக்குப் போடுறவங்க உங்களுக்குத் தெரியாமலே ஜட்ஜ்கிட்ட இடைக்காலத் தடை வாங்கிரலாம். அவசரம்னு ஜட்ஜுக்குத் தோணினா ஒரு தரப்பைக் கேட்டே குடுத்துருவாரு. முன்கூட்டியே கேவியட் போட்டு வச்சா, உங்களுக்கு நோட்டீஸ் குடுத்துக் கேட்காம உத்தரவு போட முடியாது. வீடு யாருக்குங்கிறதை அது தீர்க்காது. உங்களைக் கேட்காம எதுவும் நடக்கக்கூடாது, அவ்வளவுதான். தொண்ணூறு நாளைக்குச் செல்லும். யார் யார் வழக்குப் போடுவாங்கன்னு நினைக்கிறீங்களோ, எல்லார் பேரையும் சொல்லுங்க."

"மொக்கைச்சாமி ஒருத்தன்தான்யா."

"கூடப்பிறந்தவங்க?"

"தம்பி இருக்கான், அம்மாவாசி. அவன் பேரு எதுக்குய்யா?"

"பூர்வீக வீடுன்னு பங்கு கேட்க அவருக்குத்தான் வழி இருக்கு. அவர் பேரையும் சேர்த்துருவோம்."

பெயர் எழுதுகிற ஒவ்வொருவருக்கும் கேவியட் நகலை நாமே பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும், அதுதான் விதி. அதை நான் சொன்னதும் அவள் முகம் மாறிப்போனது.

"நீ எம்மேல வழக்குப் போடுவேன்னு எந்தம்பிக்கு நானே தபால் விடணுமா? எம்மக கலியாணத்துல தாய்மாமன் சீரைத் தலையில வச்சு, ஊரு பார்க்க முன்னால நடந்து வந்தவன்யா அவன். தபாலைப் பிரிச்சுப் பார்த்தா அவன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? அந்தப் பாவத்துக்கு நான் ஆளாக மாட்டேன்."

"ஆத்தா, இது வெறும் பாதுகாப்புக்கு" என்றேன்.

"அவன் பேரை எழுதுனா இந்தத் தாளே எனக்கு வேண்டாம்" என்று எழுந்தே விட்டாள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் சாமி காரியம் மாதிரி. பெரியவர்களே அங்கே வாய் திறக்க மாட்டார்கள். வக்கீல் பேனாவைத் திறந்து மொக்கைச்சாமி பெயரை மட்டும் எழுதினார்.

அந்தத் தாள் வேலை செய்யத்தான் செய்தது. சித்திரை பிறந்த கையோடு மொக்கைச்சாமி வழக்குப் போட்டுத் தடை கேட்டான். கேவியட் இருந்ததால் உத்தரவு போடாமல் எங்களுக்கு நோட்டீஸ் வந்தது, மனுவின் நகலும் வந்தது. வக்கீல் செட்டில்மெண்டுப் பத்திரத்தைக் காட்டிப் பேசினார். மொக்கைச்சாமியிடம் காட்ட ஒரு துண்டுத்தாள் இல்லை. தடை மனு தள்ளுபடி ஆனது. இருளம்மாள் ஒரு கூடை திராட்சையோடு வந்து ஆபீஸ் முழுக்கக் கொடுத்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அந்தத் தைரியத்தில் அவள் கூரையைப் பிரித்தாள். அதைத் தப்பென்று சொல்ல முடியாது. கரையான் அரித்த உத்திரம். எங்கள் பள்ளத்தாக்கில் ஆனிக்காற்று புறப்பட்டால் ஆளையே தள்ளும். அதற்கு முன்னால், சித்திரை வெயிலில்தான் ஓடு பிரித்து மரம் மாற்றுவார்கள். ஓடுகளை இறக்கி முற்றத்தில் அடுக்கி, பழைய மரத்தை எடுத்தாயிற்று. நான்கு சுவரும் வானத்தைப் பார்த்து நின்றன.

தோற்றுப்போன மொக்கைச்சாமி சும்மா இருக்கவில்லை. நேரே அம்மாவாசியிடம் போனான். "உன் அப்பன் வீட்டை உன் அக்கா இடிக்கிறா, நாளைக்கு வித்துட்டு மக வீட்டுக்குப் போயிருவா" என்று ஓதினான். ஓதினவனைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்டவனுக்கு எங்கே போனது புத்தி? கோடை விடுமுறைக்குக் கோர்ட்டு மூடுகிற வாரத்தில் அம்மாவாசி தனி வழக்குப் போட்டான். வீடு கூட்டுக் குடும்பச் சொத்து, அப்பனுக்கு எழுதிவைக்க உரிமையில்லை, பாகம் வேண்டும் என்று கேட்டான். கூரையில்லாத வீட்டைப் படம் பிடித்து, இடித்துக்கொண்டிருக்கிறாள், அவசரம் என்று அதோடு சேர்த்திருந்தான்.

அவன் பெயரில் கேவியட் இல்லை. எங்களுக்கு நோட்டீஸ் வரவில்லை. படத்தைப் பார்த்த எந்த ஜட்ஜும் அதைத்தான் செய்திருப்பார். வீட்டை விற்கவோ இடிக்கவோ மாற்றிக் கட்டவோ கூடாது என்று அடுத்த வாய்தா வரை இடைக்காலத் தடை. அடுத்த வாய்தா விடுமுறை முடிந்து ஜூனில்.

கோர்ட்டு ஆமீன் உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஆசாரி உத்திரத்துக்கு மரம் இழைத்துக்கொண்டிருந்தாராம். தாளை வாசிக்கக் கேட்டதும் உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு எந்தக் கொத்தனும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இருளம்மாள் ஓடி வந்தாள். "யாரு போட்டது? மொக்கைச்சாமியா?"

நான் வாதியின் பெயரை வாசித்தேன். அவள் அதை நம்பவில்லை. வேறு ஆளிடம் கொடுத்து மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மதுரையில் விடுமுறைக் கோர்ட்டில் மனுப் போட்டோம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் என்றார்கள். ஊரில் ஆள் இல்லை என்று நோட்டீஸ் திரும்பி வந்தது. அவள் கீற்று வாங்கி மேலே பரப்பிக் கட்டினாள். ஆனிக்கு முன்பே காற்று கிளம்பி, கீற்றைப் பிய்த்துத் தெருவெல்லாம் இறைத்தது. மறுபடி கட்டினாள், மறுபடி பிய்ந்தது. வைகாசி பாதியிலேயே மலைப்பக்கம் கறுத்துச் சாரல் விழுந்தது. மண்சுவர் உச்சியிலிருந்து குழைய ஆரம்பித்தது.

அவள் கையெல்லாம் சேறாக ஆபீசுக்கு வந்தாள். "அய்யா, நாலு ஓட்டை நானே எடுத்து வச்சா என்ன செய்வாக?"

"கோர்ட்டை மீறினதா மனுப் போடுவாங்கம்மா. சொத்தை ஜப்தி பண்ணலாம், சிவில் சிறையிலகூட வைக்கலாம்" என்றார் வக்கீல். "ரெண்டு வாரம் பொறுங்க. கோர்ட்டு திறந்துரும்."

"சுவரு பொறுக்குமாய்யா?"

 

இரண்டாம் நாள் அவள் சுவர் மேல் ஏறிவிட்டதாகச் சேதி வந்தது. வக்கீல் என்னைத் துரத்தினார். நான் போய்ச் சேர்ந்தபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மேற்குச் சுவர் மேல், சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, இரண்டு மூங்கிலைக் குறுக்கே போட்டு ஓடு அடுக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் குடை பிடித்து அம்மாவாசி நின்றான்.

"அக்கா, இறங்கு. கோர்ட்டுத் தடை இருக்கு."

"ஏலே, நீ பிறந்த இடத்துல தண்ணி நிக்கிதுடா. வந்து பாருடா."

"இறங்குக்கா. மீறுனா செயிலுன்னு வக்கீலு சொன்னாக."

"என்னைய உள்ள வையி. வச்சுட்டு நீயாவது ஏறி இதை மூடுடா!"

அவன் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டான். ஏறவில்லை. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி அவளை இறக்கினேன். அடுக்கின ஓடுகளையும் எடுக்கவைத்தேன். உத்தரவு உத்தரவுதானே. கீழே நின்று அந்த ஓடுகளை வாங்கிய கை இது. சட்டப்படி சரியான காரியம் செய்துவிட்டு அத்தனை கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

ஜூனில் கோர்ட்டு திறந்தது. தடையை நீக்கவேண்டும், இல்லாவிட்டால் மாற்றவேண்டும் என்று மனுப் போட்டோம். அம்மாவாசி சாட்சிக் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை வக்கீல் காட்டினார். ஜட்ஜ் இரண்டு தரப்பையும் கேட்டார். விற்கக்கூடாது என்பது அப்படியே இருக்கும். கூரையை மட்டும் பழைய அளவில், பழையபடி போட்டுக்கொள்ளலாம். அதனால் யாருக்கும் உரிமை கூடவோ குறையவோ செய்யாது.

நல்ல உத்தரவுதான். ஆனால் அன்று காலையில், அவள் பஸ் ஏறிய பிறகு, மேற்குச் சுவர் சரிந்துவிட்டது. சேதி கோர்ட்டு வாசலுக்கு வந்துசேர்ந்தபோது உத்தரவின் ஈரம்கூடக் காயவில்லை.

"கூரை போடலாம்னு சொன்னாகளே, எதும்மேல போட?" என்று என்னைக் கேட்டாள். சுவர் எழுப்புவது உத்தரவில் இல்லை. அதற்கு வேறு மனு.

அதற்குள் அடுத்த அடி. அம்மாவாசி இந்த உத்தரவு மேல் அப்பீல் போகப்போகிறான் என்று எதிர் வக்கீலின் குமாஸ்தா என் காதில் போட்டார். அங்கேயும் அவன் ஒருதலையாகத் தடை வாங்கிவிட்டால் கூரையும் போச்சு. அப்பீல் கோர்ட்டில் உடனே கேவியட் போடவேண்டும்.

வக்கீல் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். நானும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். அவளே சொன்னாள்.

"எழுதுங்கய்யா. அம்மாவாசி."

எழுதினேன்.

கையெழுத்துக்கு முன்னால் வாசித்துக் காட்டவேண்டும், அது என் வேலை. "கேவியட் தாக்கல் செய்பவர், காலஞ்சென்ற ஒச்சாண்டி மகள் இருளம்மாள். எதிர்த்தரப்பு, காலஞ்சென்ற ஒச்சாண்டி மகன் அம்மாவாசி."

"அப்பா பேரை ரெண்டு இடத்துல எழுதியிருக்கீகளா?"

"ஆமா ஆத்தா. எழுதித்தான் ஆகணும்."

அன்றுதான் அவள் அழுதாள். ஆபீஸே அதிரும்படி, வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். அம்மாவாசிக்குப் போகவேண்டிய நகலை உறையில் போட்டு விலாசம் எழுதினேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தபாலாபீசில் வரிசையில் நின்று, தன் கையாலேயே பதிவு செய்து அனுப்பினாள்.