மோர்க்குழம்பு நுரை கட்டும் நேரம்

எனக்குச் சமையல் தெரியாது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவன் நான். காப்பிப் பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் எந்தப் பக்கத்துச் செடி என்று சொல்லிவிடுவேன். ஆனால் முப்பத்திரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் நான் சாப்பிட்ட மோர்க்குழம்பில் பருப்பு சேர்த்து அரைத்திருந்தது என்பது போன தை மாதம்தான் எனக்குத் தெரிய வந்தது. என்னைவிடப் பெரிய மக்கு இந்த மலையில் இருக்க முடியாது.

மோர்க்குழம்பு எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். மாதா கோயிலில் பூசை முடிந்து கொட்டச்சேட்டு மேட்டில் ஏறி வருவோம். வந்ததும் என் வீட்டுக்காரி சேலையை மாற்றிக்கொண்டு தேங்காய் உடைப்பாள். நான் பேப்பரை விரிப்பேன். நாலாவது பக்கம் வருவதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"ஏனுங்க, சித்தெ வந்து இதைக் கிண்டுங்க. கை நிக்கக் கூடாது."

சமையலில் எனக்கென்று இருந்த ஒரே வேலை அதுதான். முணுமுணுத்துக்கொண்டேதான் போவேன். "ஊருல எந்த ரைட்டரு கரண்டி புடிக்கிறான்?" என்பேன். "ஊருல எந்த ரைட்டருக்கு இப்பிடி ஒரு கொழம்பு கெடைக்குது?" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். தீயைச் சிறியதாக வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்து அடுப்பில் தாளிக்க நிற்பாள். நான் அடி தட்டக் கிண்டிக்கொண்டே இருப்பேன். குழம்பின் ஓரத்தில் வெள்ளையாக நுரை கட்டத் தொடங்கும். நான் அதைக் கவனிப்பதற்குள், திரும்பிக்கூடப் பார்க்காமல், "எறக்குங்க!" என்பாள். இறக்குவேன். அவள் தாளிப்பைக் கொட்டுவாள். அந்தச் சத்தத்தோடு என் வேலை முடிந்தது.

எப்போது இறக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அவள் சொல்வாளே.

போன பனிக்காலத்தில் அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. முன்பும் வந்ததுதான், ஆனால் இந்த முறை படுக்கவே முடியவில்லை. விடிய விடிய உட்கார்ந்தே இருந்தாள். சேலத்து டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். மலைக்குளிர் ஆகாது, அடுப்புப் புகை ஆகவே ஆகாது. மகள் வீடு சேலத்தில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவளைக் கொண்டுபோய் அங்கே விட்டேன். நானும் கூட இருந்திருக்கலாம். நாலு ஏக்கர் காப்பி பழுத்து நின்றது, இரண்டு நாய்கள் வேறு. பழம் பறித்து முடித்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அதன் பிறகு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. வாயைத் திறந்து பேச நாய்தான் இருந்தது. பேப்பரை முழுசாகப் படித்து முடிக்க நேரம் கிடைத்தது. படித்து முடித்தால் கோபம்தான் வந்தது.

தை மாதத்தில் ஒருநாள் மகள் போன் செய்தாள். "அப்பா, அம்மா எதுவும் சாப்புட மாட்டேங்குறாங்க. எதைக் குடுத்தாலும் மண்ணாட்டம் இருக்குதுங்கறாங்க. நொம்ப எளைச்சுட்டாங்க."

போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். "ஏம்புள்ள, என்னதான் வேணும் உனக்கு?"

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "நம்மூட்டு மோர்க்கொழம்பு இருந்தா ரெண்டு வாய் திங்கலாம்ங்க."

மகளுக்கு வேலைக்கு ஓடவே நேரம் சரியாக இருக்கிறது. அவள் வீட்டில் பாக்கெட் தயிர், அதில் புளிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. "நான் செஞ்சு கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டேன். வீராப்புதான். மறுமுனையில் அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, போனை மகள் வாங்கிக்கொண்டாள்.

முதல் தடவை செய்ததைச் சொன்னால் நாய் சிரிக்கும். தயிரை உறை ஊற்றி இரண்டு நாள் வைத்தேன். மலைக்குளிரில் அது புளிப்பேனா என்றது. எனக்குப் பொறுமை ஏது? எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழிந்தேன். தேங்காயையும் மிளகாயையும் மட்டும் அரைத்துக் கரைத்து, அடுப்பில் வைத்து, மூடி போட்டுவிட்டு நாய்க்குச் சோறு வைக்கப் போனேன். வந்து பார்த்தால், மேலே மஞ்சள் தண்ணீர், கீழே திட்டுத் திட்டாகக் கெட்டி. திரிந்த பால் போல ஆகிக் கிடந்தது. சட்டியோடு கொண்டுபோய் வாழை மரத்தடியில் ஊற்றினேன்.

அவளுக்குப் போன் போட்டேன். எலுமிச்சம்பழம் என்றதும், "அட கருமமே" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல குரலில் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது.

"தயிரு தானாப் புளிக்கோணும்ங்க. வெந்நி போடற அடுப்பு இருக்குதல்ல, அதும்பக்கத்துல சட்டிய வெச்சு பழைய துண்டால சுத்தீருங்க. நான் அப்பிடித்தான் வெப்பேன்."

அந்தச் சட்டியை அடுப்போரத்தில் எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். பூனைக்குப் பால் வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"தொவரம்பருப்பு ஒரு கரண்டி, பச்சரிசி ஒரு கரண்டி ஊறவெச்சுத் தேங்காயோட நைசா அரைக்கோணும். அதுதான் மோரைப் புடிச்சு நிறுத்தும். அது இல்லீன்னா தண்ணி தனியா, தயிரு தனியாப் போயிரும்."

"பருப்பா? அதுல பருப்பு இருந்துதா?"

"சரியாப் போச்சு போங்க" என்றாள். "சௌசௌவை மஞ்சளும் உப்பும் போட்டுத் தனியா வேக வெச்சு எறக்கி ஆற வைங்க. சூட்டுல மோரை ஊத்தாதீங்க. தயிரைக் கட்டியில்லாம அடிச்சு, அரைச்சதைக் கரைச்சு, எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்த பெறகு அடுப்புல வைங்க. சின்னத் தீ. மூடி போடக் கூடாது. கொதிக்க விடக் கூடாது. அப்பறம்…"

"அப்பறம் கிண்டோணும், கை நிக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும்."

"ஆமாங்க" என்றாள். "அது உங்களுக்குத் தெரியும்."

மறு ஞாயிறு குழம்பு கூடி வந்தது. நுரை கட்டியதும் பயந்துபோய்க் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட்டேன். லேசாகப் பச்சை வாசம் இருந்தது, ஆனால் திரியவில்லை. தூக்குப்போசியில் ஊற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

நான் கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் மகள் குழம்பைச் சூடு செய்ய வைத்துவிட்டாள். அம்மாவுக்குச் சூடாகக் கொடுக்க வேண்டும் என்கிற ஆசைதான். பெரிய தீயில், மூடி போட்டு. நான் போனபோது கொதித்து, பிரிந்து, வாழை மரத்தடிக்குப் போன அதே கோலத்தில் கிடந்தது.

கத்திவிட்டேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத எனக்கே கூசுகிறது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"புள்ளைய எதுக்குங்க வையறீங்க? மறுக்கா சுட வெக்கக் கூடாதுன்னு நான்தான் யாருக்கும் சொல்லல. இங்க கொண்டாங்க."

அந்தத் திரிந்த குழம்பையே சோற்றில் ஊற்றிப் பிசைந்து, இரண்டு வாய் சாப்பிட்டாள். நல்லாயிருக்கு என்றாள். மூன்றாவது வாயை எடுக்க முடியாமல் தட்டை நகர்த்தினாள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த வாரம் குழம்பைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அடுப்போரத்தில் புளித்த தயிரையும், வேலியில் காய்த்த சௌசௌ நாலையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். மகள் வீட்டிலேயே அரைத்து, அங்கேயே கூட்டி, அங்கேயே அடுப்பில் வைத்தேன். தாளிக்கிற புகை அவளுக்கு ஆகாது என்பதால் மகள் பின்கட்டில் தனி அடுப்பில் தாளித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா மட்டும் பிடிவாதமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அடுப்படி வாசலில் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.

நான் கிண்டினேன். அடி தட்டக் கிண்டினேன். பழையபடி முணுமுணுத்தேன்கூட. "ஊருல எந்த ரைட்டரு…" என்று ஆரம்பித்தேன். அவள் சிரித்தாள். இந்த முறை இருமல் வரவில்லை! எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, பங்குனி வெயில் வந்ததும் இவளைக் கூட்டிக்கொண்டு மேலே போய்விடலாம் என்று மனசு கணக்குப் போட்டது.

ஓரத்தில் நுரை தெரிந்தது. குரலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. நுரை சுற்றிலும் பரவி நடுவை நோக்கிக் கூடியது. இன்னும் வரவில்லை. ஒருவேளை தூங்கிவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு குழம்பையும் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் நுரை லேசாக மேலெழும்பியது. இதற்கு மேல் பொறுக்க முடியாமல் நானே இறக்கினேன்.

மகள் தாளிப்பைக் கொண்டுவந்து கொட்டினாள். மஞ்சளாக, வழவழவென்று, ஒரு பொட்டுத் தண்ணீர் பிரியாமல் குழம்பு நின்றது. பச்சை வாசமும் இல்லை.

"ஏம்புள்ள, எறக்குங்கன்னு ஏன் சொல்லல? திரிஞ்சு போயிருந்தா?"

"திரியலைல்லங்க" என்றாள். "இனி நீங்கதானுங்க பாத்துக்கோணும்."

அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள். மறு சோறு கேட்டு வாங்கினாள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஜெயிச்சுட்டீங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

பங்குனி வந்தது, போனது. அவள் மேலே வரவில்லை. வர முடியாது என்பது அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தாமதமாகப் புரிந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை தயிர்ச் சட்டியோடு கீழே போகிறேன், திங்கள்கிழமை காலியாகத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறேன். இப்போதெல்லாம் அவளுக்கு நாற்காலியில் உட்காரவும் முடிவதில்லை. உள்ளே படுத்திருக்கிறாள். குழம்பு ஒருநாளும் திரிவதில்லை.

ஒன்றே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் அவசரப்பட்டு இறக்கியிருக்க வேண்டாம். திரியட்டும் என்று விட்டிருக்க வேண்டும். இந்த மனுஷனை நம்பி ஒரு குழம்பைக்கூட விட்டுவிட்டுப் போக முடியாது என்று நினைத்து, போகிற நாளை அவள் தள்ளிப் போட்டிருப்பாள்.