குளத்திலிருந்து ஏறியதும் பசி

தெருமுனைத் தையல்கடைக்காரிக்கு வயது நாற்பத்தேழு. ஊராருக்கெல்லாம் அளவெடுப்பவள், தன்னை மட்டும் அளந்து பார்த்ததில்லை. தன் சட்டை இறுக்கினால் உள்தையலைப் பிரித்துக் கால் அங்குலம் விட்டுக்கொள்வாள். ஐந்து நிமிட வேலை. அடுத்தவர்களுக்குப் புதுச் சட்டைக்குக் காசு அழும்போதாவது உடம்பு பெருத்தது உறைக்கும்; இவளுக்கு அதை மறைக்கத் தன் தொழிலே எமனாக வந்து வாய்த்தது.

மிஷின் பெடலை மிதித்து மிதித்து வலது முட்டி தேய்ந்திருந்தது. "தண்ணியில நீந்துங்க, முட்டிக்குப் பாரம் இருக்காது. எடை குறையலைன்னா ஆபரேஷன் பத்தித்தான் பேசணும்" என்றார் டாக்டர். ஆபரேஷன் என்றால் மாதக்கணக்கில் கடைக்குப் பூட்டு. அந்தப் பயத்தில்தான் நகராட்சி நீச்சல்குளத்தில் சேர்ந்தாள். வாரம் மூன்று நாள், மாலை ஆறு மணிக்கு. மனசும் உடம்பும் லேசாகும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே வாரம் முழுக்கக் காத்திருக்க ஆரம்பித்தாள்.

இரண்டு மாதம் கழித்துத் தராசில் ஏறினால், இரண்டு கிலோ கூடியிருந்தது!

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னும் மூன்று மாதம் தவணை கொடுத்தார். பேருந்து ஓட்டும் கணவர், "நீச்சலை விட்டுடேன். அதுதானே பசியைக் கிளப்புது?" என்றார். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. குளத்திலிருந்து ஏறினால் வயிற்றுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் பசிக்கும். வாசல் கடையில் இரண்டு கிரீம் பன், ஒரு இனிப்பு ஜூஸ். கஷ்டப்பட்டு நீந்தியாயிற்று, இதுகூட இல்லாவிட்டால் எப்படி? வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டையும் ஒரு கை பார்ப்பாள்.

மறுநாள் குளத்து உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று போனாள். உயரமான நாற்காலியில் காவல் காக்கும் பெண்ணை எல்லோரும் 'விசில்' என்றுதான் கூப்பிடுவார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கீழே இறங்கி வந்தாள்.

"அக்கா, மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?"

"பன்னிரண்டு மணிக்கு. வெறும் வயித்துலதானே நீந்தணும்?"

"வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு நீந்தக்கூடாது. அதுக்காக ஏழு மணி நேரமா பட்டினி கிடக்கிறது? போதாததுக்குக் குளிர்ந்த தண்ணி வேற, பசி சும்மா விடுமா? குளத்துக்குள்ள இருக்கீங்களே, தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு எதுக்குத் தண்ணி?"

விசில் சிரித்தாள். "உடம்பு வேர்க்கும் அக்கா, ஈரத்துல நமக்குத் தெரியாது. தாகமும் சில சமயம் பசி மாதிரியே இருக்கும். இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க. மேல உட்கார்ந்து பார்க்கிறவளுக்கு எல்லாம் தெரியும். ஒரு மணி நேரத்துல பாதி நேரம் நீங்க சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஊர்க்கதைதான் பேசுறீங்க. நீந்தினது கரைச்சதைவிட ரெண்டு பன்னும் ஜூஸும் ரெண்டு மடங்கு உள்ள தள்ளுது."

தையல்காரிக்கு முகம் சிவந்தது. ஆனால் விசில் சொன்னதில் பொய்யில்லை என்று தெரிந்தது. அட்டையைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஐந்து மணிக்கே கடையில் ஒரு வாழைப்பழம். குளத்தங்கரையில் ஒரு தண்ணீர் பாட்டில். சுவரைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவதையும் விட்டு முழு நேரமும் நீந்தினாள். ஏறியதும் ஈரம் துவட்டி, உலர்ந்த உடை மாற்றி, தண்ணீர் குடித்துக் கால்மணி நேரம் உட்காருவாள். அந்தக் கால்மணி நேரத்தில் பாதிப் பசி தானாகவே அடங்கிவிடுவது அவளுக்கே அதிசயமாக இருந்தது. அப்புறமும் பசித்தால் பையில் அவித்த முட்டை ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் ஒரு பிடி வேர்க்கடலை. வீட்டுக்குப் போனதும் சாப்பாடு, அதோடு சரி. முதல் வாரம் பன் கடையைத் தாண்டுவதற்குள் நாக்கு ஆயிரம் நியாயம் பேசியது. மாதத்துக்கு ஒரு பன் என்று அதனோடு சமாதானம் செய்துகொண்டாள்.

தவணை முடிந்தது. தராசில் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூணு கிலோ குறைஞ்சிருக்கு. தொடையும் நல்லா பலப்பட்டிருக்கு. ஆபரேஷன் பேச்சை இப்ப எடுக்க வேண்டாம், இப்படியே நீந்துங்க" என்றார் டாக்டர். அவளுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. குளத்தில் சேர்ந்த நாளைவிட இப்போது ஒரே ஒரு கிலோதான் குறைவு என்று வழியில் கணக்குப் பார்த்துச் சிரிப்பும் வந்தது.

நேரே கடைக்குப் போய், போட்டிருந்த சட்டையைக் கழற்றி மாற்றிக்கொண்டு அதைத் திருப்பிப் போட்டாள். உள்ளே விடுவதற்கு இனி நூலளவு துணிகூட மிச்சமில்லை. இந்தச் சட்டை எத்தனை மாதமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் பிரித்துப் பிரித்து அதன் வாயை அடைத்தேன் என்று தோன்றியது. டேப்பை எடுத்து முதல்முறையாகத் தன் இடுப்பைச் சுற்றி அளந்தாள். வாடிக்கையாளர் நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பி, 'நான்' என்று எழுதி, அளவைக் குறித்தாள்.

பிறகு சட்டையை அரை அங்குலம் பிடித்துத் தைக்க உட்கார்ந்தாள். பெடல் ஓடியது. முட்டி முனகவில்லை.